கடைசி அறை இல்லாத விடுதி

அரசு விருந்தினர் விடுதியின் வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் 'அறைகள் யாவும் நிரம்பிவிட்டன' என்றும், மற்றதில் 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்றும் எழுதியிருந்தது. அரசு எழுதிய இரண்டு வாசகங்கள் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

கடிகாரக் கடைக்காரர் பெட்டியோடு அங்கே வந்தது கோபத்தில். மைத்துனர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கும்போதெல்லாம் அவர் மனைவி, "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பாள். எல்லாரும் தள்ளுவார்கள். கடைசியில் படுத்திருப்பவர் இவர். தள்ளித் தள்ளி வாசற்படிக்கு வெளியே போய்விடுவார். சொந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை!

"ரூம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை. உக்காருங்க, தர்றோம்" என்றார் மேலாளர்.

ஒலிபெருக்கியை எடுத்தார். "மாண்புமிகு விருந்தினர்கள் தத்தம் அறை எண்ணோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணுள்ள அறைக்கு உடனே இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கதவுகள் திறந்தன. முதல் அறைக்காரர் இரண்டுக்கு, இரண்டாம் அறைக்காரர் மூன்றுக்கு, எல்லாரும் ஒரே சமயத்தில் பக்கத்து அறைக்கு. முதல் அறை காலி.

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, அப்போ கடைசி ரூம்காரர் எங்க போவாரு?"

"இங்க ரூமுக்கு முடிவே கிடையாதுங்க. எந்த ரூமை எடுத்தாலும் அடுத்து ஒண்ணு இருக்கும். கடைசி ரூமே இல்லை, அப்புறம் கடைசி ஆளு எங்கேருந்து வருவாரு?"

கடைக்காரர் கண் கலங்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் அவர் தேடிய இடம் இதுதான்.

மறுநாள் மனைவி வந்து நின்றாள். அண்ணன்மார் ஊருக்குப் போய்விட்டார்கள், இவரைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தாள். விருந்தினரைப் பார்க்க வருகிறவரும் விருந்தினரே என்பது விதி. ஒலிபெருக்கி முழங்கியது. அவளுக்கு முதல் அறை, இவருக்கு இரண்டாவது.

"என்னங்க, கோபம் போச்சா?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"யோசிக்கிறேன்" என்றார் இவர். பாதி போயிருந்தது.

அதற்குள் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தது. அதற்கும் இருக்கைகள் முடிவில்லாதவை. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். எத்தனை அறை தள்ளிப் போனாலும் அத்தனை பேருக்குப் போதாது. மேலாளர் அசரவில்லை. "தத்தம் அறை எண்ணை இரண்டால் பெருக்கவும்" என்றார். எல்லாரும் இரட்டைப்படை அறைகளுக்குப் போக, ஒற்றைப்படை அறைகள் மொத்தமும் காலி. பேருந்தின் முதல் இருக்கைக்காரருக்கு ஒன்றாம் அறை, அடுத்தவருக்கு மூன்று, அதற்கடுத்தவருக்கு ஐந்து. கோடியாவது அறைக்காரர் மூட்டையோடு இன்னும் கோடி கதவு நடக்கவேண்டும். அதைப் பற்றி ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி இரண்டுக்குப் போனாள், இவர் நான்குக்கு. நடுவில் மூன்றாம் அறையில் குறட்டை விடும் யாரோ ஒருவர். அடுத்த பேருந்து வந்தது. அவள் நான்கு, இவர் எட்டு. நடுவில் மூன்று பேர். பேருந்துக்குப் பேருந்து தூரம் இரட்டித்தது.

மனைவி மேலாளரிடம் ஓடினாள். "சார், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் கொடுங்களேன்."

"தாராளமா. ஒரே ரூம்ல தங்கியிருக்கிற ரெண்டு பேர் சேர்ந்து மனு கொடுக்கணும்."

"ஒரே ரூம்ல இருந்தா நான் எதுக்குங்க மனு கொடுக்கணும்?"

"அதனாலதான் இதுவரைக்கும் யாரும் கொடுக்கலை. புகார் ஏதாவது?"

"இருக்கு!"

"ரூமை இழந்தவங்க மட்டும்தான் புகார் கொடுக்கலாம். இங்க யாராவது ரூமை இழந்தாங்களா?"

ஒருவரும் இழக்கவில்லை. அதுதான் கொடுமை.

மூன்றாவது பேருந்தின் சத்தம் கேட்டதும் அவள் எட்டாம் அறைக் கதவை இடித்தாள். "எங்கண்ணன் வந்தா நான் தள்ளிப் படுக்கிறேன். வாங்க போகலாம்!" கடைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ஓடினார். ஐந்து, ஆறு, ஏழாம் அறைக்காரர்கள் ஓர் அறையும், எட்டுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு அறையும் முன்னால் நகர்ந்துகொண்டார்கள். 'நிரம்பிவிட்டன' பலகையைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் விடுதியின் வெற்றியில் பூரித்த அரசு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், வீடு அனைத்தும் அதே முறையில் இயங்கவேண்டும் என்று ஆணையிட்டது. 'இனி எங்கும் கடைசி ஆள் என்று எவரும் இலர்.' அண்ணன்மார் ஆணையை மதித்து அன்றே வந்தார்கள். மனைவி சொன்னபடி தள்ளித்தான் படுத்தாள், இவர் பக்கமாக. இவர் தெருவுக்குப் போனார்.

காலையில் அரசு அலுவலகத்தில் முறையிட்டார். "சார், எங்க வீட்ல நான்தான் கடைசி ஆளு."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு ஆர்டர் வந்தாச்சே. யாரு பேசறது?"

பின்னால் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அத்தனை பேரும் கடைசி ஆட்கள். வெள்ளை வேட்டியில் ஒருவர் நேராக முன்னால் வந்து நின்றார். எழுத்தர் கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டினார்.

கடைக்காரர் திரும்பி, பின்னால் நின்றவரிடம் தன்மையாகச் சொன்னார்: "கொஞ்சம் தள்ளிக்கங்க."