பாட்டி கையில் ஒன்றுமில்லை

திரையில் இருந்த படத்திலிருந்து கைத்தடி போய்விட்டது. அதன் நிழல் மட்டும் தரையில் நீளமாகக் கிடந்தது.

"தடி இல்லாம நிழலா? பேய்ப் படமா பண்றே?" டீ கிளாஸோடு பின்னால் வந்து நின்றார் ஸ்டுடியோ முதலாளி.

பேரன் திரையை நோக்கிக் குனிந்தான். கல்யாண ஆல்பங்களில் பரு, வியர்வை, வேண்டாத சம்பந்தி என்று எதையும் தடயமில்லாமல் நீக்குகிறவன் என்று பெயர் எடுத்தவன் அவன். அவன் தொழிலை மதிக்காத ஒரே ஆள் பாட்டிதான். "பரு கிள்ளற வேலை" என்பாள். அந்தப் பாட்டியிடமிருந்துதான் கடிதம் வந்திருந்தது.

"குடும்பப் படத்தில் என் கைத்தடியை எடுத்துவிடு. தடியை மட்டும். என் மேல் கை வைக்காதே, சுருக்கமெல்லாம் இருக்கட்டும். பெரிதாக அச்சடித்து ஞாயிறு காலை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டு வா. காரணத்தை அங்கே வந்து பார். சொதப்பினால், உன் வேலையைப் பற்றி நான் சொல்வது சரி என்று வைத்துக்கொள்கிறேன்."

சொதப்பக்கூடாது. பக்கத்துத் தரை ஓட்டிலிருந்து ஒரு துண்டை நகலெடுத்து, இணைப்புக் கோடு பிசகாமல் நிழல் மேல் பூசினான். தடி மறைத்திருந்த புடவை மடிப்பை அடுத்த மடிப்பைப் பார்த்துக் கட்டினான். மூலப் படத்தோடு ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. தடியின் நுனியும் நிழலின் நுனியும் ஒட்டவில்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி.

'ஃப்ளாஷ் கோளாறு' என்று அதை ஒதுக்கிவிட்டான்.

"இப்ப ஓகேவா சார்?"

"தரை ஓகே. பாட்டி ஏன் காத்துல பைக் ஓட்டறாங்க?"

உண்மைதான். தடியைப் பிடித்திருந்த வலது கை, வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

பேரன் சித்தியின் இடது கையை வெட்டி, இடம் வலமாகத் திருப்பி, பாட்டிக்கு ஒட்டினான். திருப்பியதில் வெளிச்சமும் திரும்பிவிட்டது. படத்தில் எல்லோருக்கும் ஜன்னல் இடப்பக்கம்; பாட்டியின் கைக்கு மட்டும் வலப்பக்கம். அதைச் சரிசெய்து, சித்திக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டான்.

உடனே போன் வந்தது. "டேய், அது என் கை! மச்சத்தைப் பாரு. என்னைக் கேக்காம என் கையை எடுத்து உங்க பாட்டிக்குக் குடுப்பியா?"

கையை அழித்தான். யோசித்தான். தடி இல்லாமல் பாட்டியால் நிற்க முடியாது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பாட்டியின் சொந்தக் கையையே இழுத்து, பக்கத்தில் நின்ற மாமாவின் தோளில் வைத்தான். கை நீண்டது. கூடவே பின்னால் இருந்த கதவு நிலையும் வாழைப்பழம் போல வளைந்தது. நிலையை நிமிர்த்தினான். மாமாவின் காது கூம்பியது.

மாமாவே போனில் வந்தார். புதுப் படத்தையும் பேரன் சித்திக்கு அனுப்ப, அவள் அதை மாமாவுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். "ஏன்டா, அம்மா என் கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கே? சொத்துத் தகராறுன்னு ஊர் பேசும்டா!"

முதலாளி கடிதத்தை எடுத்துப் படித்தார். "தடியை மட்டும்னுதானே எழுதியிருக்காங்க? நீ ஏன் குடும்பத்தையே பிரிச்சு மேயறே?"

பேரனுக்குச் சுருக்கென்றது. நல்லவேளை, ஒவ்வொரு திருத்தத்தையும், வேண்டாதபோது அணைத்து மறைக்கக்கூடிய தனித்தனி அடுக்கில்தான் செய்திருந்தான். சித்தியின் கை அடுக்கை அணைத்தான். நீட்டிய கை அடுக்கை அணைத்தான். பாட்டி தன் முஷ்டியோடு திரும்பி வந்தாள். கட்டைவிரலுக்கு மேலும் சுண்டுவிரலுக்குக் கீழும் தடி விட்டுப்போன துவாரங்களில் மட்டும் உள்ளங்கை நிழலின் நிறத்தை மெல்லத் தடவினான். பெரிதாக்கி, நகலெடுத்த தரையில் ஒரே கறை இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று ஓடு ஓடாகத் தேடினான். வரவில்லை.

இப்போது அது பைக் ஓட்டுகிற கையாக இல்லை. ஜெயித்த கையாக இருந்தது.

ஞாயிறு காலை மைதானத்தில் ஒரே கூட்டம். மேடைக்கு மேல் பலகை: 'மூத்தோர் நடைப்போட்டி – பரிசளிப்பு'. முதலிடத்துப் படியில், கழுத்தில் பதக்கத்தோடு பாட்டி!

பாட்டி படத்தை வாங்கினாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். முஷ்டியில் அவள் பார்வை கொஞ்சம் நின்றது.

"என் கையை என் கையாவே விட்டிருக்கே. இது பரு கிள்ளற வேலை இல்லடா. வித்தை."

வெற்றியாளர் படமாக அது மேடை நடுவில் நின்றது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பேரன் படியருகே போனான்.

"தடி இல்லாமலா பாட்டி நடந்தீங்க? எவ்வளவு வலிச்சிருக்கும்!"

பாட்டி பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாம் படியில் நின்ற அம்மாள்தான் திரும்பினாள், இன்னும் மூச்சு வாங்குகிற முகத்தோடு.

"வலியா? அந்தத் தடி தரையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை தம்பி. தினமும் பஸ்ல என்னை எழுப்பிவிட்டு என் சீட்டுல உக்காரத்தான் உங்க பாட்டி அதைத் தூக்கிட்டு வர்றா!"