குடைக்கடைப் போர்டு

"தம்பி, இங்க ஒரு குடைக்கடை இருந்துச்சே, எங்கப்பா போச்சு?"

வைத்திக்குப்பத்து மீன்காரி அன்னக்கிளி இதைக் கேட்டது அந்தக் குடைக்கடைக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு. கேட்டதும் கடைக்காரரின் மகன் அனஸிடமே. அவனோ ராஜாங்கத்தின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலையில் மாட்டிய புதுப் போர்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதோ, அதுதான்க்கா. மேல எழுதியிருக்கே."

"அதுவா? அது யாரோ பெரிய எடம் மாதிரில்ல இருக்குது! நம்ம பாய் கடை அழுக்குப் பச்சையா இருக்கும்ப்பா."

கம்பி உடைந்த குடையை இடுக்கிக்கொண்டு அவள் பெரிய மார்க்கெட் பக்கம் போய்விட்டாள். அனஸுக்கு டீ இறங்கவில்லை.

அவன் அத்தா ஜெய்னுலாபுதீனுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கண்ணில் தூசி படக்கூடாது என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக அவர் இருக்க, கடை அனஸ் கைக்கு வந்தது. கடையைவிட, போர்டு கைக்கு வந்ததில்தான் அவனுக்கு ஆனந்தம்.

குருசுக்குப்பத்துப் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன் அவன். "தண்ணியில போற எழுத்த மீன்தான்டா படிக்கும்" என்பார் அத்தா. போர்டு மங்கிப்போச்சு, எழுதித் தரேன் என்று அவன் சொன்னபோதெல்லாம், அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துவிட்டு, "போர்டுக்கு ஒண்ணுமில்லடா, உன் வேலையப் பாரு" என்பார். ஆபரேஷன் என்றாலே எழுந்து போகிற மனிதர், திடீரென்று ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு வந்து, "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார். அம்மா அக்தர் பேகம் அதிசயித்துப்போனாள். அனஸ் காரணம் எதுவும் கேட்கவில்லை. புதுக் கண்ணோடு அத்தா முதலில் பார்ப்பது தன் எழுத்தாக இருக்க வேண்டும், ஒரே ஒரு தடவை "பரவால்லடா" என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அது போதும்.

போர்டை இறக்கினான். தகட்டின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பழைய எழுத்தின் வடிவத்தைப் பென்சிலால் எடுத்துவைத்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, உப்புத்தாளால் வழுவழுப்பாக்கி, சிவப்பு பிரைமர் அடித்தான். அது காய்ந்தபின் பச்சை எனாமல், அது காய்ந்து இன்னொரு கோட்டிங். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்குள், கடைசி எழுத்து நெருக்கியடித்து நிற்காதபடி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இடத்தைப் பங்கிட்டு, எழுத்துகளைச் சாக்பீஸால் வரைந்தான். ஈரப் பெயிண்டில் கை படாமலிருக்க மணிக்கட்டைக் குச்சியில் சாய்த்துக்கொண்டு, தட்டைப் பிரஷ்ஷை மூச்சுவிடாமல் ஒரே இழுப்பாக இழுத்தான். மஞ்சள் எழுத்து, வலப்பக்கம் கறுப்பு நிழல், கடைசியில் புள்ளிகள். கடற்காற்று மெல்ல வந்து போர்டின் மேல் படிந்து போனது. தானே ஒரு படகில் ஏறி எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது அனஸுக்கு.

அந்தப் போர்டைத்தான் இப்போது ஊரே அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு தாண்டிப் போயிற்று.

"உள்ள ஏசி இருக்கும்போல" என்றான் ஒருவன். கூட வந்தவன், "குடையத் தைக்கவா ஏசிக் கடைக்குப் போவ?" என்று அவனை இழுத்துக்கொண்டு போனான்.

"ராஜாங்கண்ணே, என்னண்ணே பண்றது?"

"ஆளு மாறிடுச்சுனு நெனைக்கறாங்கப்பா. அதே பாய் கடைதான்னு தெரியற மாரி எதுனா பண்ணு."

தெரிகிற மாதிரி என்றால் முகம்தானே? அத்தாவின் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து, போர்டின் ஓரத்தில் வட்டத்துக்குள் அவர் முகத்தை வரைந்தான். அச்சு அசல் அத்தா. கீழே 'நிறுவனர்' என்று எழுதினான்.

மறுநாள் கூட்டம் வந்தது. ஒருவர் கையிலும் குடை இல்லை.

முதலில் வந்தவள் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுச் செல்வாம்பாள். கையில் பெரிய சாமந்தி மாலை.

"தங்கமான மனுசன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஸ்டூலக் கொண்டா, மாலையப் போடறேன்."

"அய்யோ, அத்தா நல்லாத்தான் இருக்காங்க! வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு இருக்காங்க!"

"அப்படித்தாம்பா இருக்கும், மனசு ஒத்துக்காது" என்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

போன் அடித்தது. அம்மா.

"டேய், அத்தா படத்தயாடா போர்டுல போட்ட? தெருவுல என்னப் பாக்கறவங்கள்லாம் கண்ணத் தொடைக்கறாங்க! உங்கத்தா காதுல விழுந்துச்சுன்னா, ஆபரேஷன் பண்ண கண்ணுனு பாக்காம அழுதுடுவாரு!"

அனஸ் உடனே பிரஷ்ஷை எடுத்தான். முகத்துக்குக் கீழே, 'உரிமையாளர் நலமாக இருக்கிறார்' என்று நல்ல கனமான எழுத்தில் எழுதினான்.

அதைப் படித்தவர்கள் அன்று முழுக்க என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, பிழைப்பாரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

"நல்லா இருக்கறவன் எவன்டா அத போர்டுல எழுதி வெப்பான்?" என்றார் ராஜாங்கம்.

அன்று சாயங்காலம் அனஸுக்கு அழுகை முட்டியது. மறுநாள் அத்தா வருகிறார். ஆளில்லாத கடையையும், தன் தலைக்கு மேல் தன் சாவுச் செய்தியையும் அவர் பார்க்கப்போகிறார். இனி ஒரே வழிதான் இருந்தது. தன் கையால் எழுதியதைத் தன் கையால் கெடுப்பது.

பச்சையில் வெள்ளையும் ஒரு துளி பழுப்பும் கலந்து, பளபளப்பு செத்துப்போகிற அளவுக்கு டர்பன்டைன் விட்டு, முகத்தையும் மூடிப் போர்டு முழுக்கப் பூசினான். எடுத்துவைத்த தாளை விரித்து, பழைய எழுத்துகளை அதே இடத்தில், வெளிறிய மஞ்சளில் எழுதினான். எல்லாம் காய்ந்தபின், விடிந்ததும் உப்புத்தாளால் எழுத்தை அங்கங்கே தேய்த்துச் சுரண்டினான். ஆணிகளுக்குக் கீழே சிவப்பு பிரைமரைத் தொட்டுத் துணியால் இழுத்துவிட்டான். நிஜத் துரு தோற்றது. இத்தனை அழகாக அவன் எதையும் எழுதியதில்லை. அதை யாருமே கவனிக்கப்போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். போர்டை மாட்டிவிட்டுக் கீழே நின்று, தூக்கத்தில் நடப்பவன் மாதிரி சிரித்துக்கொண்டான்.

"அப்பாடா, இங்கதான் இருக்கியா!" அன்னக்கிளி குடையோடு உள்ளே நுழைந்தாள். "எங்கப்பா போயிருந்துச்சு கடை?"

அவள் பின்னாலேயே இன்னும் நாலைந்து குடைகள் வந்தன. போர்டை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை கடையாகிவிட்டது.

அப்போது ஆட்டோ வந்து நின்றது. அக்தர் பேகம் கைபிடித்து இறக்க, கறுப்புக் கண்ணாடியோடு ஜெய்னுலாபுதீன் இறங்கினார். கூட்டத்தையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. நேராகத் தெருவின் நடுவில் போய் நின்றார்.

"இரு அக்தர். இத மொதல்ல பாத்துடறேன்."

மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். போர்டை அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அனஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். துரு நிஜமாகத் தெரிகிறதா? மங்கல் சரியாக வந்திருக்கிறதா?

ஜெய்னுலாபுதீனின் முகம் மெல்லத் தொங்கிப்போனது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கிளம்பப் பார்த்த ஆட்டோவை நிறுத்தினார்.

"ஏறு, ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போவலாம். இந்தப் போர்டு மங்கலாத் தெரிஞ்சுதுனுதானே நான் கண்ணயே அறுக்கக் குடுத்தேன்!"