நான் எழுதிய பேனரில் இல்லாத பெயர்

மைக் பிடித்த கை சும்மா இருக்காது என்பதற்கு நானே சாட்சி. கிள்ளான் வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் நான்தான் அறிவிப்பாளர். வார நாட்களில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் படிவம் நிரப்புவேன். சனி, ஞாயிறுகளில் தமிழ்த்தாய்க்கு முட்டுக் கொடுப்பேன். (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நான் இல்லாமலும் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.) மாப்பிள்ளை பெயர் கண்ணன் என்றால் காவியம், கனிமொழி, கற்கண்டு என்று அடுக்கிவிடுவேன். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

ரூபன், எஸ்தர், நான் மூவரும் கிள்ளானில் ஒரே பள்ளிக்கூடம். பின்னால் அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் லாவண்யாவைத் தத்தெடுத்த கதை ஒரே நாளில் முடிந்ததல்ல. முதலில் பிள்ளை அவர்கள் வீட்டுக்கு வந்து பல மாதங்கள் கூடவே இருந்தாள். நலத்துறை அதிகாரி அடிக்கடி வீட்டுக்கு வந்து, கட்டில் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, பிள்ளை யாரிடம் ஒட்டுகிறாள் என்றெல்லாம் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதினார். கடைசியில் உத்தரவு வந்தது. ரூபனும் எஸ்தரும் அப்பா, அம்மா என்று போட்ட புதுப் பிறப்புச் சான்றிதழும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்தர் எனக்குப் போன் செய்தபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

லாவண்யாவுக்கு அப்போது ஏழு வயது. அதற்கு முன் அவள் எங்கிருந்தாள், ஏன் இருந்தாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் கதை. இந்த அறிவு எனக்கு இப்போது இருக்கிறது. அன்றைக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"மணி, சனிக்கிழமை மதியம் சின்னதா ஒரு சாப்பாடு. சர்ச் பின்னாடி ஹால்ல. ஒரு நாப்பது பேர்தான். நீ ஒரு கார்டு எழுதிக் குடு, மைக்ல ரெண்டு வரி பேசு, போதும்," என்றாள் எஸ்தர்.

"ரெண்டு வரியா? நானா?"

"அதுக்குத்தான் சொல்றேன், கேளு. அவ பேரச் சொல்லி வரவேத்தா போதும். எங்கள புண்ணியவான், பெரிய மனசு, தெய்வம்னு தூக்காத. நாங்க தர்மம் பண்ணல, எங்களுக்குப் பிள்ளை வேணும்னு ஆசைப்பட்டோம். அவள அதிர்ஷ்டக்காரின்னும் சொல்லாத. எல்லாரும் அப்படிச் சொல்லிச் சொல்லி, அவ எங்களுக்கு எப்பவும் நன்றியோட இருக்கணும்னு நெனச்சுக்கப் போறா. சொந்த அம்மா, உண்மையான அம்மா இந்தப் பேச்செல்லாம் வேணாம். தத்துங்கிறத மறைக்கவும் வேணாம், பட்டம் மாதிரி நெத்தியில ஒட்டவும் வேணாம்."

"அப்புறம் என்னதான்லா சொல்றது?"

"'லாவண்யா, நீ வந்ததுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். வா, சாப்பிடலாம்.' இத சிரிச்ச முகமா சொல்லு. அப்புறம் அவ போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டுறாத, எங்களக் கேளு. இன்னொண்ணு, அவ இப்ப எல்லாத்தையும் படிச்சிக்கிட்டே இருக்கா. கடை போர்டு, பஸ் ஸ்டாப், அரிசி மூட்டை, ஒண்ணையும் விடறதில்ல."

கடைசியாக அவள் சொன்னது என் காதில் விழவில்லை. 'வா, சாப்பிடலாம்' என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். பத்து ஆண்டு அனுபவத்துக்கு இது ஒரு வரவேற்புரையா? பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர் சொல்கிற வாசகம். பாவம், எஸ்தருக்கு உணர்ச்சி மிகுதி, இலக்கியம் தெரியாது என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். (அந்த வருத்தத்தை எனக்காகப் பட்டிருக்கலாம்.)

கார்டு போதாது என்று முடிவு செய்தேன். பத்தடி பேனர். மோனை தானாக வந்து விழுந்தது:

"அனாதை மலருக்கு அடைக்கலம் அளித்த
அன்புத் தம்பதி ரூபன் – எஸ்தர் வாழ்க!"

நான்கு 'அ'. நாற்காலியில் சாய்ந்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். எஸ்தர் வேண்டாம் என்ற ஒரு சொல்லையும் நான் பயன்படுத்தவில்லை, கவனியுங்கள். புண்ணியம் இல்லை, தெய்வம் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. 'அனாதை' அவள் சொன்னதில் கிடையாது. அதைப் போய் ஒருவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிள்ளானில் பேனர் அடிக்கும் கடையில் ஒரு அக்கா கம்ப்யூட்டரில் எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்தார். பூ, புறா, இதயம் எல்லாம் வைத்து முடித்த பிறகு திரையில் இருந்ததை ஒரு முறை படித்துப் பார்த்தார்.

"தம்பி, பாப்பாவுக்குத்தானே விழா?"

"ஆமாக்கா."

"பாப்பா பேரக் காணோமே?"

"லாவண்யான்னு போட்டா மோனை உடைஞ்சிரும்கா."

"ஓ," என்றார். பிறகு, "கீழ உங்க பேரு இருக்கே, அது உடையாதா?" என்றார்.

கீழே ஓரத்தில் 'எண்ணமும் எழுத்தும்: மணி' என்று என் பெயர் சிவப்பில் இருந்தது. அக்காவுக்கும் இலக்கியம் தெரியாது என்று முடிவுகட்டி, பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஹாலுக்குப் போய் மேடைக்குப் பின்னால் பேனரைக் கட்டினேன். திரை போட்டு மறைத்தும் வைத்தேன். இன்ப அதிர்ச்சியாம். உறவினர்கள் வந்தார்கள், அலுவலக நண்பர்கள் வந்தார்கள். மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, எஸ்தரின் விரலைப் பிடித்தபடி லாவண்யா வந்தாள். யார் குனிந்து பேசினாலும் எஸ்தரின் சேலைக்குப் பின்னால் அரை முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் மைக்கில் முழங்கிவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டல் வரும். ஒரு மூலையில் யாரோ இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டார்கள். ரூபனின் முகம் மாறியது. அந்த அமைதியில் ஒரு சின்னக் குரல் எழுத்துக் கூட்டத் தொடங்கியது.

"அ... னா... தை. அனாதை. ம... லரு... க்கு."

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வகுப்பிலேயே முதலில் படிக்கக் கற்ற பிள்ளை அவள். எனக்கு இது தெரியாது. அவளைப் பற்றி நான் எதையும் கேட்டதே இல்லை. 'தத்து வந்த புள்ளைக்குத் தமிழ் எங்க தெரியப்போவுது' என்று மனசுக்குள் எங்கோ நினைத்திருக்கிறேன். இதை எழுதவே கூசுகிறது.

யாராவது அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். அவள் விரலை நீட்டி, ஒரு எழுத்தையும் விடாமல், இரண்டு வரியையும் படித்து முடித்தாள். முதல் சொல்லுக்கு அவள் பொருள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா, அடைக்கலம்னா என்ன?"

எஸ்தருக்கு முந்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒரு ஆன்டி, நல்ல எண்ணத்தில்தான், "தங்கறதுக்கு எடம் குடுக்கறதும்மா," என்றார்.

லாவண்யா எஸ்தரையே பார்த்துக் கேட்டாள்.

"எவ்ளோ நாளைக்கு?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். கையில் மைக் இருந்ததே! நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "பாப்பா, பயப்படாத. இவங்க ரெண்டு பேரும் உன்னச் சொந்தப் பிள்ளை மாதிரியே பாத்துக்குவாங்க," என்றேன். 'மாதிரி' ஹாலின் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. ரூபன் மேடையேறி என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். பிறகு பேனரை ஒரே இழுப்பில் கிழித்து இறக்கினான்.

எஸ்தர் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாள் கணக்கே கிடையாதும்மா. கோர்ட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"நான் லாவண்யா ரூபன்."

"அது மாறுமா?"

"மாறாது." சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டாள், "அப்ப ஏம்மா அங்க அப்படி எழுதியிருக்கு?"

அதற்கு எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு வரிதான கேட்டேன், மணி," என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் திட்டவில்லை. நான் பிரியாணியைக்கூடத் தொடாமல் கிள்ளான் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன்.

பிறகு நடந்ததை ரூபன் நெடுநாள் கழித்துத்தான் சொன்னான். அந்த விழாவுக்குப் பிறகு மூன்று வாரம் லாவண்யா தன் துணிகளை அலமாரியில் வைக்கவில்லை. பள்ளிப் பையில் மடித்து, கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எஸ்தர் தினமும் எடுத்து அலமாரியில் அடுக்குவாள். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் திரும்ப எடுத்துப் பையில் வைப்பாள். பல மாதம் பாடுபட்டு அவர்கள் கட்டியதை நான் நான்கு 'அ'வால் இடித்திருந்தேன்.

நான் சும்மா இருந்தேனா? மூன்று பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதிலும் மோனை இருந்தது. (பழக்கதோஷம்.) எஸ்தரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "எங்ககிட்ட இல்ல. அவகிட்ட கேளு. சின்னதா."

நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினேன். 'லாவண்யா, பேனரில் நான் எழுதியது தப்பு. நீ உன் வீட்டில் இருக்கிறாய். உன் பெயரைப் போட மறந்துவிட்டேன். மன்னித்துவிடு. மணி அங்கிள்.' என் வாழ்நாளில் மோனையே இல்லாமல் எழுதிய முதல் தாள் அதுதான். ஒரு வாரத்தில் அதே தாள் திரும்பி வந்தது. 'மறந்துவிட்டேன்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் ஒரு கேள்வி:

'மறந்தீங்களா?'

இன்னொரு தாள் எடுத்து, 'இல்லை. போடவில்லை' என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து, அவளுடைய பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மைக் வைக்கவில்லை. வாசலில் நின்று, "லாவண்யா, உன்னப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்," என்றேன். "வாங்க அங்கிள், சாப்பிடலாம்," என்றாள். எஸ்தர் எனக்குக் கொடுத்த இரண்டு வரி அதுதான். சாம்பார் வாளி வாசகம் என்று நான் தள்ளியது.

லாவண்யாவுக்கு இப்போது பதினைந்து வயது. என்னிடம் வரும் வாழ்த்துரை எல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் போகிறது. சிவப்புப் பேனாவால் அடித்துத் தள்ளுகிறாள். எனக்கு நல்ல பெயர் வருவதே அதனால்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஏதாவது வேலை என்றால் அவர்கள் வீட்டிலேயே தங்குவேன். பையைக் கீழே வைப்பதற்குள் சோபாவிலிருந்து அவள் குரல் வரும்.

"அங்கிள், அடைக்கலமா? எவ்ளோ நாளைக்கு?"

ரூபன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவளும் சிரிப்பாள். வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன். ஆறு வருடமாக இது நடக்கிறது. எஸ்தர் மட்டும் ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. எழுந்து போய், என் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்குவாள்.