பம்ப் அண்ணையின் எட்டு நிமிடப் பிரசங்கம்

கடவுளோடு முகத்துக்கு நேரே சண்டை பிடித்துவிட்டு, அடுத்த கிழமையும் அதே கடவுளைத் தேடி வருகிற ஆள் அச்சுவேலிப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் பம்ப் அண்ணை. கிணற்று மோட்டர் திருத்துவது அவர் தொழில். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

எங்கள் சின்னச் சபையில் புதன்கிழமை பின்னேரம் ஜெபக்கூட்டம். இரண்டு பாட்டு, ஒரு வேதப்பகுதி, ஒரு சின்னத் தேவசெய்தி, பிறகு ஜெப விண்ணப்பங்கள். மற்றவர்கள் ஆமென் சொல்லும் இடத்தில் பம்ப் அண்ணை, மனதுக்கு ஒத்துவராவிட்டால், "அதைப் பாப்பம்" என்பார். மெதுவாகத்தான். ஆனால் மோட்டர் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டை, மெதுவென்றாலும் ரோட்டுக்குக் கேட்கும்.

ஒருமுறை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, "இன்றைக்கே உங்களுக்குப் பதில் உண்டு!" என்று கையை உயர்த்தினார். பம்ப் அண்ணை எழும்பினார்.

"ஐயா, எத்தினை மணிக்கு? நான் ஒரு மோட்டரைக் கழட்டிப் போட்டிட்டு வந்தனான்."

பிரசங்கியார் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

சாட்சி சொல்லும் நேரத்தில் பரீட்சை பாஸ், விசா, சுகப்பிரசவம் என்று ஒவ்வொருவரும் நன்றி சொல்வார்கள். கடைசியாக பம்ப் அண்ணை எழும்புவார். "போன கிழமையும் எனக்குப் பதில் இல்லை. வாற கிழமையும் வருவன்" என்றுவிட்டு வாங்கில் அமர்ந்துவிடுவார். அவ்வளவுதான் சாட்சி.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றைத்தான். மனைவி ரதி அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருடம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முன்பு அவர் புருஷனை ஏசினால் புத்தூர் வரை கேட்கும் என்பார்கள். இப்போது சக்கர நாற்காலியில், முன் வரிசையில், புருஷனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜெபக்கூட்டச் செயலாளர் நான். போதகர் வெளியூர் போக வேண்டி வந்த ஒரு கிழமை, "பதிலுக்காகக் காத்திருத்தல்" என்ற தலைப்பில் செய்தி கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. நான் பம்ப் அண்ணையின் பெயரை எழுதிவிட்டேன். சபை மூப்பர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தபாலதிபர், எதையும் ஒழுங்காகச் செய்பவர்.

"உமக்கென்ன விசரே? உவர் வந்த சனத்தையும் கலைச்சுப்போடுவார். பிழை நடந்தால் நீர்தான் பொறுப்பு."

ஓம் என்றேன்.

பம்ப் அண்ணை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். தாளெல்லாம் மோட்டர்க் கிறீஸ். போதகர் போகுமுன் எனக்குச் சொல்லித் தந்ததை நான் அவருக்குச் சொன்னேன். புதன்கிழமை ஞாயிற்றுக்கிழமை அல்ல. சனம் தோட்டத்தாலும் வேலையாலும் களைத்து வரும். ஒரு வேதப்பகுதி, ஒரு விஷயம், ஒரு சம்பவம் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. செய்தி முடிகிற இடத்தில் ஜெபம் தொடங்க வேண்டும்.

"எட்டு நிமிஷம் காணும். மிச்சம் சனம் அழுகிறதுக்கு" என்றார். நான்கு பக்கத்தில் மூன்றைக் கிழித்து எண்ணெய்க் கையைத் துடைத்தார். மிஞ்சிய பக்கத்தில் "தேவனுடைய நேரம் எப்போதும் சரியான நேரம்" என்று ஒரு வரி இருந்தது. அதையும் வெட்டினார்.

"நல்ல வரிதானே அண்ணை?"

"நல்ல வரிதான். பிள்ளையைப் புதைச்சிட்டு வந்து இருக்கிறவளுக்கு முன்னாலை அதைச் சொல்லுவீரோ?"

நான் தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

புதன்கிழமை வந்தது. பம்ப் அண்ணை கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரசங்க மேசையில் வைத்தார். ஆறே வசனம் உள்ள ஒரு சங்கீதத்தை வாசித்தார்.

"இதிலை இந்த மனுசன் 'எதுவரைக்கும்' எண்டு நாலு தரம் கேக்கிறார். ஆரைக் கேக்கிறார்? ஆண்டவரைத்தான். ஆண்டவர் அவரை வெளியாலை போ எண்டு சொல்லேல்லை. அந்தக் கேள்வியை வேதத்திலையே வைச்சிருக்கிறார், நாங்களும் கேக்கட்டும் எண்டு. கடைசியிலை பாடுவன் எண்டு சொல்லுறார். அதுக்குள்ளை பதில் வந்திட்டுதோ? நான் தேடிப் பாத்தன். வந்ததெண்டு எழுதியில்லை. முந்திச் செய்த நன்மையை நினைச்சுத்தான் பாடுறார்."

பிறகு ரதி அக்காவைப் பார்த்தார்.

"முதல் ரெண்டு வருஷம் இவள் எழும்பவேணும், கதைக்கவேணும் எண்டு கேட்டன். பிறகு கோவத்திலை ஒரு மாசம் ஜெபிக்கேல்லை. இப்ப திருப்பிக் கேக்கிறன். ஏன் தரேல்லை எண்டு எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு சொன்னால் பொய். உனக்கு விசுவாசம் காணாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவையும் இருக்கினம். அவை இவளை ஒருநாளும் குளிப்பாட்டினதில்லை. காத்திருக்கிறதெண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதில்லை. காலமை துடைக்கவேணும், கஞ்சி பருக்கவேணும், கையைக் காலை நீட்டி மடக்கவேணும். அதுக்குப் பிறகு சண்டை பிடிக்கவேணும்."

மூப்பர் எழும்பிவிட்டார். "நீர் சனத்தின்ரை விசுவாசத்தைக் குலைக்கிறீர்!"

நான் கதிரையில் சுருங்கினேன். பம்ப் அண்ணை அசையவில்லை.

"மூப்பர், விசுவாசம் இல்லாட்டில் நான் ஏன் கிழமைக்குக் கிழமை வாறன்? இல்லாத ஆளோடை ஆரும் சண்டை பிடிப்பினமே? அவர் இருக்கிறார், அவருக்குக் காது கேக்கும் எண்டபடியால்தான் கத்துறன். பதில் வந்தாலும் வராட்டிலும் நான் இந்த வாங்கை விட்டு எழும்பமாட்டன். அவருக்கு என்னாலை கரைச்சல் எண்டால், அவரே வந்து சொல்லட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம் முடிஞ்சுது. ஆருக்கு இன்னும் பதில் வரேல்லையோ, சொல்லுங்கோ. கேட்டுக்கொண்டு இருக்கிற மற்ற ஆக்கள் புத்தி சொல்லக்கூடாது."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு முழு நிமிடம் இருக்கும். யாராவது ஒரு பாட்டை எடுத்துவிட மாட்டார்களா என்று பார்த்தேன். பம்ப் அண்ணை கையை உயர்த்தி, பொறும் என்று எனக்குச் சைகை காட்டினார்.

பின்வரிசையில் ஒரு பெண், பதினொரு வருடமாகப் பிள்ளை கேட்பதாகச் சொன்னார். அடுத்தவர் தன் குடியைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொருவர் சொன்னதையும் பம்ப் அண்ணை அந்த ஒற்றைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கடைசியில், இன்னும் நின்றுகொண்டிருந்த மூப்பர் சொன்னார்:

"என்ரை மகன் நாலு வருஷமா என்னோடை கதைக்கிறேல்லை. போன் எடுத்தால் கட் பண்ணுறான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பம்ப் அண்ணை இறங்கிப் போய் அவர் தோளில் கையை வைத்தார்.

"ஆண்டவரே, இவரின்ரை பெடியன்ரை விஷயத்தை இண்டையிலிருந்து நானும் கேப்பன். இனி ரெண்டு பேரின்ரை கரைச்சல் உமக்கு."

மூப்பர் அழுதார், இடையில் ஒருதரம் சிரித்தும்விட்டார். அன்றைக்குக் கூட்டம் வழமையைவிட முக்கால் மணி நேரம் கூடப் போனது. நேரம் பற்றி மூப்பர் ஒரு சொல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. மூப்பரின் மகன் ஒரு மார்கழியில் நத்தார் வாழ்த்து அனுப்பினான், ஒற்றை வரி. அதை மூப்பர் எல்லோருக்கும் காட்டினார். ரதி அக்கா ஒரு வார்த்தையும் பேசாமலே போன வருடம் காலமானார்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் புதன்கிழமை. பம்ப் அண்ணை வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார். சாட்சி நேரத்தில் எழும்பினார்.

"நான் கேட்டது கிடைக்கேல்லை. இப்ப கேக்க இன்னும் கனக்க இருக்கு. அதுதான் வந்தனான்."

மூப்பர் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். இப்போதெல்லாம் இருவரும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

கூட்டம் ஐந்தரைக்குத் தொடங்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் நேரம் பார்ப்பது என் கடமை. ஆனால் பம்ப் அண்ணையின் சைக்கிள் மதிலில் வந்து சாய்கிற சத்தம் கேட்கும் வரைக்கும், பாட்டுப் புத்தகத்தைக் காணவில்லை, மைக் வேலை செய்யவில்லை என்று ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி, நான் தொடங்குவதில்லை.