டும்மு என்று அழைக்கும் முறை

மனித இனத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் விளக்கத் தகப்பன். விளக்கத் தாயும் உண்டுதான். ஆனால் தாய்மார் சொல்ல வேண்டியதைப் பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தகப்பன்மார் எழுதுவார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரமாக, நான் ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடிதமும் தட்டச்சு செய்து கொடுப்பேன். ஜனவரி மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் போதும், இந்த இனம் கூட்டமாக வரத் தொடங்கும். மகன் வெண்டிக்காய் சாப்பிடமாட்டான் என்று வகுப்பாசிரியருக்கு இரண்டு பக்கம், மகளுக்குச் சோக்குத் தூசி பட்டால் தும்மல் வரும், தும்மினால் மூன்று தரம் தும்முவாள், மூன்றாவது தும்மலுக்குப் பிறகுதான் மூக்குத் துடைக்க லேஞ்சி கொடுக்க வேண்டும் என்று நான்கு பக்கம், ஜன்னலோரம் இருத்தினால் வெளியே பார்ப்பான், சுவரோரம் இருத்தினால் சுவரைச் சுரண்டுவான், நடுவில் இருத்தினால் நித்திரை கொள்வான், ஆகவே தாங்களே தகுந்த இடம் பார்த்து இருத்தவும் என்று ஒரு பக்கம். இவர்களுக்கு நடுவே ஐந்து சந்தியிலிருந்து நளீர் வருவார். “மகன் ஷிஹாபை வீட்டில் ஷிஹா என்போம். நன்றி.” அவ்வளவுதான் கடிதம். அப்படிப்பட்டவர்களால் என் கடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

விளக்கத் தகப்பன்மாரின் திலகம் என் பக்கத்து வளவுக் குகதாசன். ஓர் அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வேலை. அங்கே மற்றவர்கள் எழுதிய கடிதங்களுக்கு இலக்கம் போட்டுப் போட்டு, தானும் ஒன்று எழுத வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குள் வளர்ந்துவிட்டது. அந்த ஏக்கத்துக்கு வழிவிட்டவள் அவருடைய ஆறு வயது மகள்.

பிள்ளையின் பதிவுப் பெயர் யுகஷ்மிகா. கேட்டை நட்சத்திரம், ஆகையால் ‘யு’வில் தொடங்க வேண்டும் என்று சாத்திரியார் சொன்னார். ஆங்கில எழுத்துகளைக் கூட்டினால் இருபத்தேழு வர வேண்டும் என்று எண்சாத்திரக்காரர் சொன்னார். டொரண்டோ மாமாவும் ஒஸ்லோ சித்தப்பாவும் வீடியோ அழைப்பில் வந்து வாக்களித்தார்கள். இவ்வளவு பாடுபட்டுத் தேடிய பெயரைப் பிறப்புச் சான்றிதழில் எழுதிவிட்டு, அன்று பின்னேரமே எல்லாருமாக அதை மறந்துபோனார்கள். பிள்ளை தாயின் வயிற்றில் கிடந்தபோது டும் டும் என்று உதைத்ததால், பிறப்பதற்கு முன்பே அவளுக்கு டும்மு என்ற பெயர் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் இது புதுமையல்ல. இங்கே பதிவுப் பெயர் என்பது நல்ல சேலை. பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

பிள்ளை முதலாம் தரத்துக்குப் போனாள். வகுப்பாசிரியை ஜெயகௌரி ரீச்சர். முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பத்துப் பேர் அழுவார்கள், நாலு பேர் வகுப்பு மாறி வந்து இருப்பார்கள், இரண்டு பேர் வெளியே நிற்கும் தாய்மாரைத் தேடி ஓடுவார்கள். இந்த அமளிக்குள் வரவு இடாப்பை வாசிக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை எழும்பி “உள்ளேன் ரீச்சர்” என்றால் சரி. சொல்லாவிட்டால் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். யுகஷ்மிகா என்று கூப்பிட்டால் யாரும் எழும்பவில்லை. எட்டு நாளில் எட்டு வட்டங்கள்.

எட்டாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ரீச்சர் வாசலுக்கு வந்து, யுகஷ்மிகாவின் பெற்றோர் யாராவது நிற்கிறீர்களா என்று கேட்டார். குகதாசன் முன்னால் போனார். பிள்ளை எட்டு நாளாக வரவில்லையே, சுகமில்லையா என்று ரீச்சர் கேட்டார்.

“இந்தா நிக்கிறா,” என்றார் குகதாசன். பிள்ளை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயைச் சுற்றி ஐஸ்பழம்.

ரீச்சர் திகைத்துப் போனார். இந்தப் பிள்ளையை அவருக்கு நன்றாகத் தெரியும். கெட்டிக்காரி, மயில் படம் கீறுவாள். பெயர் கேட்டால் டும்மு என்பாள். இடாப்பில் டும்மு இல்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளையாக்கும் என்று பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் இரண்டு தரம் விசாரித்தும் இருக்கிறார். இப்போது அவர் செய்த ஒரே பிழை, குகதாசனைப் பார்த்து ஒரு வேண்டுகோள் விடுத்ததுதான்.

“வீட்டிலை பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறனீங்கள் எண்டு ஒரு வரியிலை எழுதித் தாங்கோ.”

ஒரு வரி! ஆமையிடம் போய் ஓடிக் காட்டச் சொன்னது போல. குகதாசன் மூன்று நாள் லீவு போட்டார். நான்காம் நாள் என் கடைக்கு வந்து பதினொரு பக்கங்களை மேசையில் வைத்தார். தட்டச்சு செய்தவன் நான் என்பதால் முழுவதையும் வாசித்த பாவத்துக்கும் ஆளானேன்.

முதலாம் பக்கம் வணக்கம். இரண்டாம் மூன்றாம் பக்கங்கள் பெயர் வந்த வரலாறு, உதைத்த திகதிகளுடன். நான்காம் பக்கத்தில் உச்சரிப்பு தொடங்குகிறது. முதல் எழுத்தை ‘டொக்டர்’ என்பதில் வரும் ‘டொ’வைப் போல மெதுமையாகச் சொல்ல வேண்டும், ‘டீ’ என்பதில் வருவது போல அடித்துச் சொல்லக்கூடாது. ‘ம்’மில் உதடுகள் மூடி, ஒரு கண் இமைக்கும் நேரம் அப்படியே நிற்க வேண்டும். அவசரப்பட்டால் ‘டுமு’ ஆகிவிடும், அது வேறு பிள்ளை. கடைசி ‘மு’வை, ‘படகு’ என்று முடிக்கும்போது உதடு சோம்பல்படுமே, அப்படி முடிக்காமல், உதட்டை முழுதாகக் குவித்து முடிக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் உதட்டின் படம். ஆறாம் பக்கத்தில் கூப்பிடும் முறை. ஒருதரம் கூப்பிடக் கூடாது, இரண்டு தரம் கூப்பிட வேண்டும்; முதலாவதைத் தாழ்த்தியும் இரண்டாவதைச் சற்று நீட்டியும். ஏழாம் பக்கத்தில் காலுறை பற்றி ஒரு பந்தி. எட்டிலிருந்து பதினொன்று வரை பின்னிணைப்பு.

கொஞ்சம் குறைக்கலாமே என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“அண்ணை, உதிலை ஒரு சொல்லும் எடுக்க ஏலாது,” என்றார். “எடுத்தால் பிள்ளைக்கு விளங்காது.”

பிள்ளைக்கா? கடிதம் ரீச்சருக்கல்லவா? நான் கேட்கவில்லை. பதினொரு பக்கம் என் கடைக்கு நல்ல வியாபாரம்.

ஜெயகௌரி ரீச்சர் பொறுமைசாலி. ஆறாம் பக்கம் வரை வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டைக் குவித்துப் பார்த்தாராம். அடுத்த நாள் வகுப்பில் முறைப்படி தாழ்த்தி ஒருதரமும் நீட்டி ஒருதரமும் டும்மு என்று கூப்பிட்டார். பிள்ளை துள்ளி எழும்பினாள். இடாப்பு வாசிக்கும்போது அவள் எழும்பியது அதுதான் முதல் தடவை. அன்று பின்னேரம் குகதாசன் என் கடைக்கு வந்து, தமிழ் உலகுக்கு ஏதோ பெரிய தொண்டு செய்தவர் போல ஒரு சோடா வாங்கித் தந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை பல் பரிசோதிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்களிடம் பதினொரு பக்கம் இல்லை, பெயர்ப்பட்டியல்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்று, உரத்த குரலில், ஒரே ஒருதரம், “யுகஷ்மிகா!” என்று கூப்பிட்டார்.

பிள்ளை மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

பல்லுக்குப் பயம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பல் பார்த்தவர்கள் மற்றப் பிள்ளைகளை முடித்துக்கொண்டு போன பிறகும் அவள் வெளியே வரவில்லை. ரீச்சர் நிலத்தில் குந்தி இருந்து மேசைக்குக் கீழே பார்த்தார். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள்.

“நான் ஒண்டும் செய்யேல்லை, ரீச்சர்,” என்றாள்.

பல் பார்க்க வந்தவர்களைக் கண்டு பயந்த பிள்ளை இப்படிச் சொல்லுமா? ரீச்சர் அன்று வீட்டுக்குப் போய் மிச்சக் கடிதத்தையும் வாசித்தார். ஏழாம் பக்கத்தில், வெள்ளைக் காலுறை இரண்டு சோடி மாறி மாறிப் போடுவது பற்றிய பந்தியின் நடுவில், குகதாசன் போகிற போக்கில் ஒரு வசனம் எழுதியிருந்தார். “பதிவுப் பெயரை நாங்கள் பிள்ளையை ஏசும்போது மாத்திரமே பாவிப்பதுண்டு.” அதைத் தட்டச்சு செய்தவன் நான். காலுறைக்கும் காலுறைக்கும் இடையில் என் விரல்கள் அதன்மேல் ஓடிப் போயிருக்கின்றன. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை.

சுவரில் கிறுக்கினால் யுகஷ்மிகா. பாலைக் கொட்டினால் யுகஷ்மிகா. அந்தப் பெயர் வந்தால் தலையைக் குனிந்து சத்தம் போடாமல் இருந்துவிட வேண்டும், கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கோபம் போய்விடும், பிறகு டும்மு என்று கூப்பிடுவார். ஆறு வருடத்தில் பிள்ளை படித்த பாடம் அது. எட்டு நாளாக ஒவ்வொரு காலையும் வகுப்பில் அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கோபம் போகட்டும் என்று பார்த்திருந்திருக்கிறாள். இதை ரீச்சர் என் கடையில் நின்று சொன்னபோது நான் கொப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கேலி எழுத உட்கார்ந்தவன் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரீச்சர் என்ன செய்தார் தெரியுமா? ஆறாம் பக்கத்தை எடுத்து, அதில் சொன்ன முறையை ஒவ்வொரு காலையும் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினார், பெயரை மட்டும் மாற்றி. தாழ்த்தி ஒருதரம் யுகஷ்மிகா. கொஞ்சம் நீட்டி, சிரித்துக்கொண்டு இன்னொருதரம் யுகஷ்மிகா. பிள்ளை தலையைத் தூக்கி, கதவைப் பார்த்தாள், ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். ஏசுவதற்கு ஒருவரையும் காணவில்லை. நாலாம் நாள் எழும்பி, உள்ளேன் என்றாள், மிகச் சின்னதாக.

அன்றைக்கே ரீச்சர் குகதாசனுக்குப் பதில் கொடுத்துவிட்டார். ஒரு வரி.

“இனிமேல் வீட்டில் ஏசுவதானால் டும்மு என்று கூப்பிட்டு ஏசவும், முழுப் பெயர் வகுப்புக்கு வேண்டும்.”

குகதாசன் அந்த வரியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். முகம் செத்துப் போயிருந்தது. அன்று பின்னேரம் பிள்ளை அவருடைய அலுவலகக் கடிதக் கோவையின் மேலே பெரிதாக ஒரு மயில் கீறி வைத்திருந்தாள். அவர் வேலியோரம் நின்று கையை ஓங்கி, “டும்மு!” என்று அதட்டியதை நான் என் வளவில் நின்று பார்த்தேன். ‘டு’ வரைக்கும் கோபமாகத்தான் வந்தது. ‘ம்’மில் உதடு மூடி, ‘மு’வில் உதடு குவிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையும் சிரித்தாள். உள்ளே அடுப்படியில் நின்ற மனைவி தர்சினியும் சிரித்தாள். இப்போது அந்த வீட்டில் பிள்ளையை ஏச ஒரு பெயர் இல்லை. வளவெல்லாம் மயில்.

இதைப் பற்றிக் குகதாசன் ரீச்சருக்கு விளக்கமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். பதினாலாம் பக்கத்தில் நிற்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் பிள்ளைக்குச் சாத்திரியாரைக் கேட்டு, கூட்டிப் பார்த்து, தேடித் தேடி வைத்த முழுப் பெயரைக் கடைசியாக எப்போது வாய்விட்டுக் கூப்பிட்டீர்கள்? ஏன் கூப்பிட்டீர்கள்? இல்லையில்லை, எங்கள் வீட்டுக் கதை அப்படியல்ல, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் புரியும் என்கிறீர்களா?

வாருங்கள். கடை ஆறு மணி வரை திறந்திருக்கும்.