பினாங்குக் களி

நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்யை வாயைத் திறக்காமல்தான் சொன்னேன். ஜப்பான் சண்டை முடிந்து மறுபடியும் கப்பல் விட ஆரம்பித்திருந்த சமயம். பினாங்கில் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, திருச்சியில் ரயில் மாறி அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். கூட்டிப் போக வந்த சித்தப்பா போர்ட்டரிடம், "பாத்துத் தூக்குப்பா. அக்கரையில மசாலா கம்பெனியே நடத்திட்டு வருது எங்க புள்ள" என்றார். நான் மறுக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து ஒரு புன்னகை வேறு செய்தேன். (அந்தப் புன்னகைக்காகவே என்னை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பியிருக்கலாம்.)

நடந்தது இதுதான். என் தாய்மாமா பினாங்கில் குழம்புத்தூள் அரைத்து டின்னில் அடைத்து விற்றவர். பிள்ளை இல்லாதவர் என்பதால் பத்து வயதில் என்னை அழைத்துப் போனார். யுத்தம் வந்து அங்கேயே மாட்டிக்கொண்டு, இருபத்தொரு வயதில்தான் திரும்பினேன். அத்தனை வருஷத்தில் அந்தத் தொழிலில் நான் செய்த ஒரே வேலை, லேபிள் ஒட்டுவது. மிஷின் பின்கட்டில் ஓடும். வயசுப் பெண் அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. சாயங்காலம் கடகடவென்று மிஷின் சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் மூடிய டின்கள் என் முன்னால் அடுக்கியிருக்கும். நான் கோந்து தடவுவேன். நடுவில் ராத்திரி என்று ஒன்று இருந்ததே, அதில் என்ன நடந்தது என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை.

அப்பாவுக்கு அரியலூர் கடைத்தெருவில் மல்லி, மிளகாய் மண்டி; மண்டிக்குப் பின்னாலேயே வீடு. சுற்றுவட்டாரக் கரிசல் காட்டு மல்லி முக்கால்வாசி எங்களிடம்தான் வரும். மற்ற மண்டிகளில் எல்லாம் குத்தூசி என்று ஒன்று வைத்திருப்பார்கள். மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் சரக்கு ஒரு கைப்பிடி வெளியே வரும். மேலே நல்லதும் அடியில் சொத்தையுமாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எங்கள் கடையில் மட்டும் குத்தூசி கிடையாது. அப்பா கட்டிய மூட்டையை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அதுதான் அவருடைய ஒரே கர்வம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் வாடிக்கைக்காரர்களுக்காகக் குழம்புத்தூள் இடிப்பார்கள். காத்தாயியைச் சேர்த்து ஆறு பெண்கள், அவள்தான் தலைவி. மிளகாயைச் சருகாகக் காயவைத்துக் காம்பு கிள்ளி, மல்லியை வாசம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்து, மஞ்சளை உடைத்துச் சேர்த்து, உரலுக்கு இரண்டு பேராக மாற்றி மாற்றிக் குத்துவார்கள். சலித்து, சல்லடையில் நிற்கும் கப்பியை மறுபடி உரலில் போட்டு, கடைசியில் தூளைப் பழைய வேட்டியில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் விட்டுவிடுவார்கள். அந்தப் பரப்பிய வேட்டியைப் பார்த்ததும்தான் எனக்கு ஆவேசம் வந்தது.

"என்னப்பா இது? ஈ உக்காருது, தூசி விழுது, வாசனையெல்லாம் காத்துல போகுது! பினாங்குல இப்படியெல்லாம் கிடையாது."

வந்த பத்தாம் நாளே இந்த 'பினாங்குல'வைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துப்போயிற்று. அம்மா ஒருநாள், "பினாங்குல சோறு வாயாலதான தின்னாங்க?" என்று கேட்டே விட்டாள். நானோ விடவில்லை. மிஷின் வைப்போம், டின்னில் அடைப்போம், லேபிள் ஒட்டுவோம் (அதை நானே பார்த்துக்கொள்கிறேன்) என்று அப்பாவை அரித்தெடுத்தேன். சித்தப்பா குதித்தார். "மூட்டையில போற சரக்க டப்பாவுல போட்டா எவன் நம்புவான்? உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பா நான்கு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு திருச்சியிலிருந்து ஆயில் இன்ஜினும், பழைய அரவை மிஷின் ஒன்றும் வண்டியில் வந்து இறங்கின. திருச்சியில் பெரிய ஓட்டல் வைத்திருந்த எங்கள் பழைய வாடிக்கைக்காரர் இருபத்துநாலு டின் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார், பிடித்தால் மாதாமாதம்.

"இந்த ஒரு தடவதான்" என்றார் அப்பா. "சரியா வந்துச்சுன்னா அன்னையிலேருந்து கடையில எம் பக்கத்துல ஒக்காரு. இல்லேன்னா வூட்டோட இருந்துக்க. பேரு என்னோடது, பாத்துக்க."

கடையில் அப்பா பக்கத்தில் உட்காருவது! அந்தக் கடைத்தெருவில் எந்தப் பெண்ணும் கல்லாப் பக்கம் உட்கார்ந்ததில்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்தது. சேமித்து வைத்திருந்த மிளகாய் லேசாக ஈரம் ஏறி நமுத்திருந்தது. இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும் என்றாள் காத்தாயி. வெயிலுக்கு எங்கே போவது? மிஷினுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லிவிட்டேன். மிஷினுக்குள் இரண்டு இரும்புத் தட்டுகள். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். திருகை இறுக்கினால் தட்டுகள் நெருங்கித் தூள் நைஸாக வரும். நான் இறுக்கினேன். பட்டுப் போல வந்தது. கைவைத்தால் சுட்டது.

"பாப்பா, சூட்டோட அடைக்காதீங்க" என்றாள் காத்தாயி. "வேட்டியில கொட்டி ஆற வுடுங்க."

"காத்துப் பட்டா வாசனை போயிடும் காத்தாயி. சுடச்சுட அடைச்சாத்தான் வாசனை உள்ளயே நிக்கும்."

"வாசன மட்டுமா நிக்கும்?"

உலக்கை போன கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவளும் விடவில்லை. "எங்களுக்கு என்ன வேல இனிமே?" என்று கேட்டாள். "ஓய்வா இருங்களேன்" என்றேன் பெருந்தன்மையாக. "ஓய்வா இருந்தா வூட்டுல ஒல யாரு வெப்பா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

எடை பிடிக்க வேண்டும் என்று, சூட்டோடு இருந்த தூளை மரக்கட்டையால் டின்னுக்குள் குத்திக் குத்தி அழுத்தினேன். மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைக்க ஆள் வந்தார். பிறகு என் சொந்த சாம்ராஜ்யம்: லேபிள். சிவப்புக் கப்பல் படம். கீழே 'பினாங்கு முறையில், கைபடாமல் தயாரித்தது'. இருபத்துநாலு டின்னிலும் ஒரு சுருக்கம் கிடையாது. சித்தப்பாவே ஒரு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஓட்டல்காரர் ரயிலில் வந்தார். காபி சாப்பிட்டார், லேபிளைப் பாராட்டினார், "வண்டியில ஏத்திடச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒன்னத் தொறந்து பாத்துட்டுப் போங்க" என்றேன்.

"எதுக்கும்மா? ஒங்கப்பா சரக்க என்னைக்குத் தொறந்து பாத்திருக்கேன்?"

"இல்லீங்க, அந்த வாசனைய நீங்க பாக்கணும்!"

மூடியை வெட்டினார்கள். தாம்பாளம் வந்தது. நானே டின்னைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. தட்டினேன். மறுபடி தட்டினேன். ஓட்டல்காரர் உதவிக்கு அடியில் ஒரு தட்டு தட்டினார். பொத்தென்று இறங்கியது பாருங்கள்! டின் எந்த உருவமோ அதே உருவத்தில், செக்கச்செவேலென்று, தலையில் வெள்ளைப் பூசணம் பூத்து, தாம்பாளத்தின் நடுவில் அசையாமல் நின்றது. வாசனையும் வந்தது. மழையில் நனைந்த கோணிச்சாக்கு வாசனை.

சித்தப்பாதான் குனிந்து, ஒரு விரலால் அதைக் குத்திப் பார்த்துவிட்டு, "பினாங்குல களிய இப்படித்தான் கிண்டுவாங்களா?" என்று கேட்டார்.

ஓட்டல்காரர் குபீரென்று சிரித்தார். கடைப்பையன்கள் சிரித்தார்கள். களத்துப் பக்கம் நின்ற காத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது டின் திறந்தோம், களி. மூன்றாவது, களி. அடைத்த சூடு ஆறும்போது மூடியில் வியர்த்து, சொட்டுச் சொட்டாகத் தூளிலேயே இறங்கியிருக்கிறது. மாமா கடையில் அந்தப் பின்கட்டு ராத்திரியில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயும் தூளை ஆறவிட வேட்டி விரித்திருப்பார்கள்!

இதுவரை சிரிப்பு. அடுத்து நடந்தது சிரிப்பில்லை. ஓட்டல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போவட்டும் விடுங்க. மல்லி நாலு மூட்ட வழக்கம்போல போடுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு மூட்டைய மட்டும் குத்திக் காட்டிடுங்களேன்" என்றார்.

அப்பா முகம் மாறவில்லை. பையனைக் கூப்பிட்டு, பக்கத்து மண்டியில் குத்தூசி இரவல் வாங்கி வரச்சொன்னார். அவர் கையாலேயே குத்தி, மல்லியை எடுத்து நீட்டினார். சரக்கு முத்து முத்தாக இருந்தது. இருந்து என்ன?

நான் அங்கேயே உடைந்துவிட்டேன். "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க. பினாங்குல நான் லேபிள்தான் ஒட்டினேன். அப்பா மேல தப்பில்ல" என்று எல்லோர் முன்னாலும் அழுதேன். அப்பா மறுநாளே சொந்தமாக ஒரு குத்தூசி வாங்கி, கடையில் ஆணியில் மாட்டினார்.

நான் வீட்டோடு இருந்தேன். மிஷினை விற்கச் சித்தப்பா ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது காத்தாயி ஐந்து பெண்களோடு அப்பா முன்னால் வந்து நின்றாள். 'ஒழிந்தது மிஷின்' என்று கொண்டாடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மிஷின வித்துடாதீங்கய்யா" என்றாள். "குத்திக் குத்தித் தோளு கழண்டு போச்சு. அது அரைக்கட்டும். காய வெக்கிறது, ஆற வெக்கிறது, சலிக்கிறது, அடைக்கிறது எங்க வேல. கூலி மட்டும் கொறையக் கூடாது." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "லேபிளு பாப்பா ஒட்டட்டும். அது நல்லாத்தான் ஒட்டுது."

மாசியில் புது மிளகாய் வந்தது. தட்டுகளைத் தளர்த்தி இரண்டு தடவையாக அரைத்தோம். வேட்டியில் ஆறவிட்டு, மேலே மெல்லிய துணி போர்த்தினோம் (அந்த ஈ விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சரி). ஓட்டல்காரர் டின்னை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றைத் திறந்து பார்த்துத்தான் வாங்கினார். அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். கணக்குச் சொன்னார், சரக்குக் காட்டினார். ஆனால் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீடே களி, களி என்று என்னைக் கேலி செய்து சிரிக்கும். அவர் மட்டும் எழுந்து போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரு வருஷம் கழித்து ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரி வியாபாரி குடும்பம் ஒன்று என்னைப் பெண் பார்க்க வந்தது. நான் தலை குனிந்து காபித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு என்னென்ன சமைக்கும்?" என்று கேட்டாள். அம்மா சாம்பார், ரசம் என்று ஆரம்பிப்பதற்குள் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"களி கிண்டுனா எம்பொண்ண அடிச்சுக்க ஆளு கெடையாதுங்க. டின்னு டின்னா கிண்டுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்க, துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று காபித் தட்டில் விழுந்தது. "பொண்ணுக்கு ரொம்ப வெக்கம்" என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள்.

கல்யாணமான மறுவாரம் மாமியார் ஆசையாகக் கேழ்வரகு மாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். களி கட்டி கட்டியாக வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஒங்கப்பா பொய்யே சொல்ல மாட்டாருன்னாங்களே" என்றார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் உப்புமா அடிப்பிடித்தாலும், சோறு குழைந்தாலும், பேரப்பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளுத்தாத்தா சர்டிபிகேட் குடுத்த கை" என்கிறார்கள்.