மேகமலையில் ஓர் ஒத்திகை

காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிய சுந்தர்ராஜுக்கு முன்னால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ பாலைக் கொட்டி நிரப்பி வைத்ததுபோல மேகம்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, வெள்ளையை வெள்ளையாகவே ஒரு படம் பிடித்தார்.

"சரி, பாத்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சுந்தர்ராஜுக்குத் தேனி பஜாரில் பம்புசெட் கடை. அடுத்த மாதம் அவரும் மனைவி கிருபாவதியும் டெல்லி, ஆக்ரா போவதாக முடிவாகியிருந்தது. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை. அல்லிநகரத்து டூர் கம்பெனியோடு, கைடு வைத்துப் போகலாம் என்றாள் கிருபாவதி. தனியாகச் சுற்றுவோம் என்றார் இவர்.

"விசில் ஊதுனா ஏறணும், விசில் ஊதுனா இறங்கணும். தாஜ்மகாலப் பாக்கப் போறமா, பள்ளிக்கூடத்துல சேரப் போறமா?"

"அப்ப மேகமலையில ஒரு நாள் ஒத்திகை பாப்போம். அதே கம்பெனி அங்கன ஒருநாள் டூர் விடுறாக. நான் வேன்ல கைடோட வர்றேன். நீங்க கார்ல உங்க இஷ்டத்துக்குச் சுத்துங்க. சாயந்தரம் யாரு மூஞ்சி சிரிச்சிருக்கோ, அவுக சொல்றதுதான் டெல்லிக்கு."

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் இறங்கி வந்ததில்லை. சுந்தர்ராஜ் அதைத் தன் வாதத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் காரில் ஏறப்போகும்போது வேன் வந்து நின்றது. மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் இறங்கியது. கிருபாவதி கடைசியாக இறங்கினாள். கைடு விஜயபாண்டி கம்பியோரம் நின்று மேகத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"இந்தா என் கைக்கு நேர கீழ சின்னமனூர். அதத் தாண்டி முல்லைப் பெரியாறு. ஆத்துக்கு அங்கிட்டுப் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி திராட்சைப் பந்தல். நம்ம கம்பம் பக்கம் வருசம் பூராம் திராட்சை கிடைக்குமே, ஏன் தெரியுமா?"

கூட்டம் வெறும் வெள்ளையைப் பார்த்து "ஓ" என்றது. சுந்தர்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏன் வருசம் பூராம் திராட்சை கிடைக்கிறது என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் தின்றிருக்கிறார், கேட்டதில்லை. காரைத் துடைப்பதுபோல் இரண்டடி நெருங்கினார். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

"என்னங்க, கெளம்பிட்டீகளா?" என்றாள் கிருபாவதி.

"இங்கன என்ன இருக்கு? வெள்ளைச் சுவத்தப் பாக்கவா வந்தேன்?"

"கொஞ்சம் நின்னா வெலகும்."

"நிக்கிற ஆளா நானு? அடுத்த எடம் போவோம்ல."

அவள் தன் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "இத வச்சிருங்க. எனக்குத் தலையில அரிக்குது."

அடுத்த இடம் தேயிலைத் தொழிற்சாலை. வாசலில் காவலாளி கம்பை நீட்டி மறித்தார்.

"தனியா வர்றவுகள உள்ள விடுறதில்ல அண்ணாச்சி. பூராம் மிசின் ஓடுது. கைடு கூட்டிட்டு வர்ற கூட்டம்னாத்தான்."

"நான் சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துர்றேனே."

"எட்டிப் பாக்கிறவுக கையத்தான் மிசின் மொதல்ல இழுக்கும்."

சுந்தர்ராஜ் சுற்றிலும் பார்த்தார். தேயிலைச் செடி. இன்னும் கொஞ்சம் தேயிலைச் செடி. அந்தச் செடிகளைத் தன் இஷ்டத்துக்கு ஒரு வட்டம் சுற்றிவிட்டு வந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது வேன் வந்தது. கிருபாவதிக்குத் தெரியாமல் உள்ளே போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்ற, மஞ்சள் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டார். காவலாளி வணக்கம் வைத்தார்.

உள்ளே நீளத் தொட்டிகளில் இலை பரப்பிக் கிடந்தது. கீழிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"பறிச்ச இலையில முக்காவாசி தண்ணிதான்" என்றான் விஜயபாண்டி. "இங்கன வாட விடுறாக. ஒரு கை அள்ளி மோந்து பாருங்க."

அள்ளினார். புல் வாசனை. அடுத்து உருளைகளுக்கு நடுவில் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுந்தது. அதையும் மோந்தார். கொஞ்ச தூரம் தள்ளி அதே தூள் காற்றுப் பட்டு, பச்சை மாறி, செம்பு நிறமாகிக் கிடந்தது.

"இப்ப மோந்து பாருங்க."

மோந்தார். பழ வாசனை.

"ஏலே, இது பழம்ல" என்று அவரையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டார். "எப்படிப்பா?"

"வெட்டுன ஆப்பிள் காத்துப்பட்டாச் செவக்குதுல்ல அண்ணாச்சி? அதே வேலைதான். சரியான நேரத்துல அடுப்புக் காத்துக்குள்ள விட்டு நிறுத்திரணும். இல்லாட்டி டீ கெட்டுப்போகும்."

தனியாக வந்திருந்தால் சத்தம் போடும் நாலு மிசினையும் கொஞ்சம் தூசியையும் பார்த்துவிட்டுப் போயிருப்பேன் என்று சுந்தர்ராஜ் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மீதே கோபப்பட்டார்.

வெளியே வந்ததும் நைசாகக் காரை நோக்கி நழுவினார். விஜயபாண்டி அவர் தோளில் கை போட்டான்.

"வேன் இந்தப் பக்கம் அண்ணாச்சி."

"இல்ல தம்பி, நான் வந்து..."

நான் உங்கள் கூட்டமில்லை என்றால், திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தது வெளிப்படும். கிருபாவதிக்குத் தெரிந்தால் டெல்லி முழுக்க விசில்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பிவிடலாம் என்று ஏறினார். விஜயபாண்டி தலைகளை எண்ணினான்.

"கணக்குச் சரி. ரைட்."

கதவு மூடியது. வேன் நகர்ந்த பிறகுதான் அவருக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. தான் ஒருவர் கூடுதல் அல்லவா? முன் இருக்கையில் கிருபாவதி கட்டியிருந்த மாதிரியே நீலச் சேலை தெரிந்தது. தப்பாக எண்ணியிருப்பான் என்று சமாதானமாகி, முன்னால் குனிந்து கிசுகிசுத்தார்.

"கிருபா, வீட்ல போய் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சும்மா ஒரு ஆர்வத்துல ஏறிட்டேன். நீ எங்கூட வந்து காரை எடுக்கிறியா?"

நீலச் சேலை திரும்பியது. ஓடைப்பட்டியிலிருந்து வந்திருந்த சங்கிலியம்மாள்.

"எந்தக் காரு? நான் எதுக்கு உங்ககூட வரணும்?"

வேன் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுந்தர்ராஜ் எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கிருபாவதி இல்லை.

"தம்பி, வண்டிய நிறுத்து. என் சம்சாரத்தக் காணோம்."

விஜயபாண்டி மறுபடி பொறுமையாக எண்ணினான். "கணக்குச் சரியா இருக்கே அண்ணாச்சி."

"அதுல என்னையும் சேத்து எண்ணிருக்க. நான் இந்த வேன்லயே வரல."

"வராதவுகள எப்படி எண்ண முடியும்?"

"அவ எடத்துலதான்யா நான் உக்காந்திருக்கேன்."

"அப்ப தலைக்கணக்குப்படி உங்க சம்சாரம் நீங்கதான்."

சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சுந்தர்ராஜ் வேனைத் திருப்பச் சொல்லிக் கத்தினார். ஓட்டுநர் மொக்கைச்சாமி கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல எங்கன திருப்புறது? அணைக்குப் போனாத்தான் எடம் இருக்கு. அக்கா பத்திரமா தொழிற்சாலையிலதான் நிப்பாக, பதறாதீக."

கைபேசியில் சிக்னல் இல்லை. நடந்து போகிறேன், கதவைத் திற என்றார். இந்தப் பக்கம் யானை நடமாட்டம் என்றான் விஜயபாண்டி. உட்கார்ந்துவிட்டார்.

அணை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சுந்தர்ராஜ் இறங்காமல் முறைத்துக்கொண்டிருந்தார். அது ஒரு ஏரி. நடுவில் தண்ணீர், சுற்றி மலை. இதில் பார்க்க என்ன இருக்கிறது?

"இந்தத் தண்ணி இங்கனயே நிக்கிறதில்ல" என்று விஜயபாண்டி கூட்டத்துக்குச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. "மலைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு ஒரு அணையிலருந்து இன்னொரு அணைக்குப் போகுது. கடைசியில குழாய்ல எறங்கி, மலை அடிவாரத்துல சுருளியாறு பவர் ஹவுஸ்ல கரண்டாகுது."

சுந்தர்ராஜின் ஒரு கால் வேனுக்கு வெளியே வந்தது.

"எம்புட்டு உயரத்துலருந்து விழுது?"

விஜயபாண்டி சொன்னான். இன்னொரு காலும் வந்தது.

"அப்ப இது பம்புசெட்டத் தலைகீழாப் போட்ட கதைல்ல? நான் கரண்டு குடுத்துத் தண்ணிய மேல ஏத்துறேன். இவுக தண்ணிய எறக்கிக் கரண்டு எடுக்கிறாக."

"அண்ணாச்சி, இத்தன வருசம் சொல்லிக்கிட்டிருக்கேன், இப்படி ஒருத்தரும் பட்டுனு புடிச்சதில்ல."

அதற்குப் பிறகு சுந்தர்ராஜை யாராலும் நிறுத்த முடியவில்லை. குழாய் எவ்வளவு அகலம், அடைப்பு எடுத்தால் என்ன செய்வார்கள், மழை பெய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தள்ளினார். சங்கிலியம்மாளுக்குத் தானே ஒருமுறை விளக்கினார். விசில் ஊதியபோது, "அதுக்குள்ளயா?" என்றவர் அவர்தான். மனைவியைக் காணவில்லை என்பது வேனில் ஏறிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

தொழிற்சாலைக்குத் திரும்பினார்கள். கிருபாவதி இல்லை. காரும் இல்லை.

"ஒரு அம்மா எடுத்துட்டுப் போனாக" என்றார் காவலாளி. "மாத்துச் சாவி வச்சிருந்தாக. நல்லா ஓட்டுனாக."

"அவளுக்குத் தேனிக்குள்ள ஓட்டித்தான்யா பழக்கம். கொண்டை ஊசி வளைவு ஓட்டுனதில்ல."

சொல்லிக்கொண்டே வேனில் ஓடி ஏறினார். இறங்கும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அந்த மலையில் வளைவுக்கு ஒரு பூவின் பெயர்; அதை எழுதி நட்டிருந்த ஒவ்வொரு பலகையும் கல்லறைப் பலகையாகத் தெரிந்தது. கர்த்தரே, அவள் பத்திரமாக இருந்தால் போதும், டெல்லிக்கு எப்படி வேண்டுமானாலும் போகிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

காலையில் அவர் நின்ற அதே இடத்தில் கார் நின்றது. கம்பியோரத்துக் கல்லில் கிருபாவதி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது.

"எங்க போயிட்ட நீ?"

"தொழிற்சாலையில கூட்டத்துல தவறிட்டேங்க. உங்களையும் காணோம். சரி, இந்தப் பக்கம்தான வருவீகன்னு வந்து உக்காந்தேன்."

"இம்புட்டு நேரமும் இங்கனயேவா? என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. மேகம் வெலகுறதும் மூடுறதுமா இருந்துச்சு. ஒரு தடவ பூராம் வெலகிச்சு பாருங்க, ஆறு வெள்ளிக் கம்பி கணக்கா மின்னுச்சு. பேரு ஊரு ஒண்ணும் தெரியல. தெரியணும்னும் தோணல. பக்கத்துல யாரும் 'போவோமா, போவோமா'ங்கல." அவள் பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. நீங்க சொன்ன மாதிரி டெல்லிக்குத் தனியாவே போவோம்."

சுந்தர்ராஜ் பதறினார்.

"தனியாவா? தனியாப் போனா தாஜ்மகாலு வெறும் வெள்ளைக் கல்லு. எந்தக் கல்லு எங்கருந்து வந்துச்சு, எப்படி மேல ஏத்துனாகன்னு எவன் சொல்லுவான்? கைடு இல்லாம நான் வரமாட்டேன்."

"உங்க இஷ்டத்துக்கு விரோதமா நான் எப்பப் பேசிருக்கேன்?" என்றாள் கிருபாவதி.

அவர் பெருந்தன்மையானார். "நீ அங்கனயும் கூட்டத்துல தவறிட்டா, ஒரு ஓரமா உக்காந்துக்க. நான் எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

"அதுவும் சரிதான்."

நேர்ந்துகொண்டது பலித்த சந்தோஷத்தில் அவர் காரை உயிர்ப்பித்தார். கிருபாவதி பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேனிலிருந்து இறங்கி வந்த மொக்கைச்சாமி, அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"அக்கா, நீங்க முன்னாடியே சொல்லிவச்சபடி அண்ணாச்சிய எங்கனயும் எறங்கி ஓட விடல. டெல்லிக்கு வர்ற கைடுகிட்டயும் இதே மாதிரி புடிச்சு வச்சுக்கிறச் சொல்லிரவா?"